திடுக்கிடல் வேண்டாம், திகில் வேண்டும்: ஒரு விளையாட்டு நாட்குறிப்பு

நவம்பர் 4, திங்கள்

தம்பி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். "அக்கா, இதெல்லாம் பயமே இல்லாத ஹாரர் கேம். உனக்குன்னே பொறுக்கினேன்." எல்லாமே குட்டிப் பேய்கள் கைகோத்து ஆடுகிற ரகம். பயமே இல்லையென்றால் அது எனக்கு எதற்கு? எனக்கு இருட்டு வேண்டும், காலியான வீடு வேண்டும், கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று கை தயங்க வேண்டும். வேண்டாதது இரண்டே இரண்டு: திரையில் எதுவோ அலறிக்கொண்டு பாய்வது, சதையும் ரத்தமும்.

இந்த இரண்டையும் எல்லோரும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு. சதை விஷயம் கண்ணோடு சம்பந்தப்பட்டது. வருகிறது என்று தெரிந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். ஜம்ப் ஸ்கேர் என்கிற அந்தத் திடீர்ப் பாய்ச்சல் அப்படியில்லை. திடீர்ச் சத்தத்துக்குக் கண் சிமிட்டி, தோள் குறுகுவது மூளைத்தண்டிலிருந்து வரும் அனிச்சைச் செயல். யோசனை வந்து சேர்வதற்குள் உடம்பு துள்ளி முடித்துவிடும். ஏற்கனவே பதற்றத்தில் இருப்பவரை அதே சத்தம் இன்னும் பலமாகத் தூக்கிப்போடும். இருட்டிலும் அப்படித்தான். இமைத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்து இதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். ஹாரர் கேம் என்பது பதற்றம், இருட்டு இரண்டையும் சேர்த்துத் தருவதுதானே. "பழகிடும்" என்று தம்பி சொல்வதை நான் காதில் வாங்காததற்குக் காரணம் இதுதான்.

நவம்பர் 6, புதன்

வயதுத் தரச்சான்றை நம்பிப் பயனில்லை. அமெரிக்காவின் ESRB முத்திரையில் ரத்தம், சதை பற்றிய எச்சரிக்கை இருக்கும். ஐரோப்பாவின் PEGI முத்திரையில் பயம், வன்முறை என்று குறிப்பு இருக்கும். ஜம்ப் ஸ்கேர் என்று இரண்டிலும் தனிக் குறிப்பு கிடையாது. ஆகவே ஏற்கனவே விளையாடியவர்கள் சொல்வதுதான் வழி. doesthedogdie.com தளத்தில் படங்களோடு கேம்களுக்கும் "ஜம்ப் ஸ்கேர் உண்டா" என்ற கேள்விக்கு ஆட்கள் வாக்களித்து, எந்த இடத்தில் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வாக்கு எண்ணிக்கையைவிட அந்தக் குறிப்புகள்தான் உதவுகின்றன. ஒருவருக்குத் துள்ளலாகப் படுவது இன்னொருவருக்குச் சும்மா கதவு சாத்தும் சத்தம்.

நவம்பர் 9, சனி

இன்று கான் ஹோம். 2013இல் ஃபுல்பிரைட் என்ற சிறு குழு செய்தது. ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது.

1995 ஜூன் மாதம், நள்ளிரவு தாண்டிய நேரம், அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம். ஐரோப்பா சுற்றிவிட்டு வரும் கேட்டி, தன் குடும்பம் புதிதாகக் குடிவந்த பெரிய வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைகிறாள். அப்பா அம்மா இல்லை. "என்னைத் தேடாதே" என்கிற தொனியில் தங்கை எழுதிய சீட்டு மட்டும் கதவில். வெளியே புயல். வீடோ, செத்துப்போன பெரியவர் ஒருவர் விட்டுப்போனது. ஊர்ப் பிள்ளைகள் அதற்கு ஒரு கெட்ட பெயர் வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டு முழுவதும் மனித உருவம் ஒன்று கூட எதிரே வராது, எதுவும் துரத்தாது. இது தெரிந்தும் என்னால் ஒவ்வொரு அறையிலும் முதலில் விளக்கைப் போடாமல் நகர முடியவில்லை. ஹாரர் கேம்களில் நாம் பார்த்துப் பழகிய அத்தனை பொருட்களையும் வரிசையாகக் காட்டிவிட்டு, அவற்றை வைத்து ஒன்றுமே செய்யாமல் விடுகிறார்கள். பயத்தை உருவாக்கும் வேலை முழுவதும் நம் தலைக்குள் நடக்கிறது.

என்னைப் போன்றவர்களுக்காக இரண்டு இடங்களை மட்டும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். குளியல் தொட்டியில் சிவப்பாக வழிந்திருப்பது ரத்தம் இல்லை, தலைமுடிச் சாயம். சுவருக்குள் இருக்கும் ரகசிய வழியில் ஒரு சிலுவை கிடக்கும். அதைக் கையில் எடுத்தால் பக்கத்து பல்பு பட்டென்று அணையும். மொத்த விளையாட்டிலும் எனக்குத் துள்ளல் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். எடுக்காமலும் போகலாம்.

நவம்பர் 10, ஞாயிறு

சத்தத்தைப் பற்றி. துள்ளலுக்கு முக்கியக் காரணம் சத்தம் எவ்வளவு பெரிது என்பது மட்டுமல்ல, அமைதியிலிருந்து எவ்வளவு வேகமாக அங்கே ஏறுகிறது என்பதும்தான். அதனால் ஒலியளவைக் குறைத்தால் மட்டும் போதாது. குறைத்துவிட்டு, மெல்லிய ஒலிகள் கேட்கவில்லையே என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் மோசம். செய்ய வேண்டியது, மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையிலான தூரத்தைச் சுருக்குவது. சில கேம்களின் ஒலி அமைப்பிலேயே Night Mode என்று இருக்கும். விண்டோஸில் பல கணினிகளில் ஸ்பீக்கர் பண்புகளுக்குள் Loudness Equalization என்ற தேர்வு கிடைக்கிறது. அதைப் போட்டதும் மாடிப்படி முனகலும் இடியும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன.

இதில் இழப்பும் உண்டு. தூரத்து ஒலி தூரத்தில் இருப்பதாகவே தோன்றாது. அதனால் இதை எப்போதும் போட்டு வைப்பதில்லை. ஒரு கேமின் முதல் ஒரு மணி நேரம் இதோடு ஆடிவிட்டு, அதன் குணம் பிடிபட்ட பிறகு எடுத்துவிடுகிறேன். ஹெட்போன் மட்டும் எப்போதும் கிடையாது.

நவம்பர் 13, புதன்

ட்ரெட்ஜ் ஆரம்பித்தேன். நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ், 2023. வெளிப்பார்வைக்கு மீன்பிடி விளையாட்டு. படகு உடைந்து ஒரு தீவுக்கூட்டத்தில் வந்து சேர்கிறோம். மேயர் கடனுக்குப் புதுப் படகு தருகிறார். மீனை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். இருட்டுவதற்குள் கரை சேர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இதன் சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. படகு நகர்ந்தாலோ வலை, தூண்டில் வேலை பார்த்தாலோதான் கடிகாரம் ஓடும். நடுக்கடலில் சும்மா நின்றால் நேரமும் நிற்கும். ஆகவே பதறிப்போய் எதையும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்து கணக்குப் போடலாம். அந்தக் கணக்கில்தான் வயிறு கலங்குகிறது. இன்று மாலை ஐந்து மணி, கிடங்கில் பாதி இடம் காலி, கண்ணெதிரே விலை நல்ல மீன் குமிழி விடுகிறது. அதைப் பிடித்தால் இருட்டிவிடும். பிடிக்காவிட்டால் கடனுக்குக் காசு போதாது. பிடித்தேன்.

இருட்டியதும் திரையின் மேலே ஒரு கண் திறந்தது. வெளியே இருக்க இருக்க அது சிவந்து, பார்வை அலைபாயத் தொடங்குகிறது. விளக்கு அதை மெதுவாக்கும், தூக்கம்தான் தீர்க்கும். கண் முற்றிய நிலையில் பகலில் இல்லாத பாறைகள் வழியில் முளைக்கின்றன. ஒன்றில் இடித்தேன். உடைந்தது கிடங்கின் ஒரு கட்டம், போனது அதில் இருந்த மீன். அவ்வளவுதான் தண்டனை. அலறல் இல்லை, முகம் இல்லை. ஆனால் அந்த மீனுக்காகத்தான் இவ்வளவு நேரம் வெளியே இருந்தேன் என்பதால் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. கலங்கரை விளக்கம் தெரிந்ததும் வந்த நிம்மதியை வேறு எந்த ஹாரர் கேமும் எனக்குத் தந்ததில்லை.

நவம்பர் 16, சனி

ட்ரெட்ஜில் எனக்கு ஒரே ஒரு புகார். இரவு மூடுபனியில் தூரத்தில் ஒரு கப்பலின் வெளிச்சம் தெரிந்தால் அது எப்போதும் கப்பலாகவே இருக்காது. நெருங்கினால் பெரிய தூண்டில்மீன் ஒன்று வாயைத் திறந்து பாய்கிறது. முன்னதாக எச்சரிக்கை இருக்கிறது என்பதால் மன்னித்துவிடலாம்: அடுத்தவர் விளக்கைத் தேடிப் போகாமல் இருந்தால் போதும். செங்குத்துப் பாறைகள் நிறைந்த கேல் கிளிஃப்ஸ் பகுதியில் துரத்தலும் உண்டு. அமைப்பில் Passive Mode போட்டால் பிராணிகள் தாக்காது.

சதை விஷயத்தில்? பிடிபடும் மீன்களில் சில விகாரமாகப் பிறந்தவை. மூன்று தலைக் காட் மீன், அங்கங்கே கூடுதல் கண்கள், பிதுங்கிய சதை. எல்லாம் நிலைப்படங்கள், நிஜம்போல் இல்லாத ஓவியப் பாணி. எனக்குப் பிரச்சினை இல்லை. துளைகளோ கொத்துக் கண்களோ ஒவ்வாதவர்கள் முதலில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நவம்பர் 22, வெள்ளி

சோமா. சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ், 2015. கடலடியில் பாழடைந்த ஆய்வு நிலையம், அதில் அலையும் உருவங்கள். வெளியானபோது அவை கொல்லும். கதைதான் பயங்கரம், உருவங்கள் நடுவே குறுக்கிடுகின்றன என்று பலருக்குத் தோன்றியது. அவை தாக்காதபடி ஆட்டத்தை மாற்றும் மாட் ஒன்றை ரசிகர் ஒருவர் வெளியிட்டார். பிறகு 2017 டிசம்பரில் நிறுவனமே Safe Mode சேர்த்தது. புது ஆட்டம் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்கலாம். உருவங்கள் இருக்கும், கிட்டே வரும், ஆனால் நாம் சாவதில்லை.

தம்பி நக்கலடித்தான். "சாகாத ஹாரரா? லிஃப்ட்ல பேய் வீடு பார்த்த மாதிரி."

முதல் பகுதியிலேயே அவனுக்குப் பதில் இருக்கிறது. சுவரோரம் உடைந்து கிடக்கிற ஓர் இயந்திரம், கார்ல் என்ற மனிதனாகவே தன்னை நினைத்துக்கொண்டு பேசுகிறது. அடிபட்டுவிட்டது, உதவிக்கு ஆள் கூப்பிடு என்கிறது. நீ இயந்திரம் என்று சொன்னால் அதற்குப் புரியவே இல்லை, நம்மைத்தான் விசித்திரமாகப் பார்க்கிறது. நமக்கோ மேலே போக அந்த இடத்தின் மின்சாரம் வேண்டும். சாகும் பயம் தலைக்கு மேல் இல்லாததால்தான் விசைக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன். துரத்த ஒருவன் பின்னால் இருந்தால் யோசிக்காமல் அமுக்கிவிட்டு ஓடியிருப்பேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. Safe Mode சாவைத்தான் எடுக்கிறது, காட்சியை எடுப்பதில்லை. கருப்புக் கூழ் பாய்ந்து இயந்திரத்தோடு ஒட்டிப்போன உடல்கள் வழியெங்கும் உண்டு. அதில் ஓர் உடல் இன்னும் மூச்சு விடுகிறது. உருவங்கள் நெருங்கும்போது திரை கிழிந்து இரையும் சத்தமும் அப்படியே இருக்கிறது. Loudness Equalization இல்லாமல் அந்தப் பகுதிகளை என்னால் தாண்ட முடிந்திருக்காது.

நவம்பர் 24, ஞாயிறு

அலுவலகத் தோழி ஒருத்தி கேட்டாள், எதில் தொடங்கலாம் என்று. அவளுக்கு ரத்தம் என்றாலே தலை சுற்றும், திடீர்ச் சத்தம் ஓரளவு தாங்குவாள். அதனால் சோமாவை வெட்டிவிட்டு ட்ரெட்ஜ் சொன்னேன், Passive Mode இல்லாமலே. அவளுக்கு நேரெதிரான ஆள் வந்தால், அதாவது உடல்களைப் பார்ப்பது பரவாயில்லை, துரத்தல் மட்டும் ஆகாது என்பவருக்கு, சோமாவின் Safe Mode. இரண்டுமே ஆகாதவருக்கு கான் ஹோம், அந்தச் சிலுவையைத் தொடாமல்.

தம்பி இப்போது ட்ரெட்ஜ் ஆடுகிறான். Passive Mode எல்லாம் கோழைகளுக்கு என்று சொன்னவன். நேற்று ராத்திரி ஃபோன் செய்து, "அக்கா, இந்தக் கண்ணு மூடவே மாட்டேங்குது, பக்கத்துல துறை எதுவும் இருக்கா?" என்கிறான். படகை நிறுத்திவிட்டு வரைபடத்தைப் பாருடா என்றேன். நின்றால் நேரம் ஓடாது என்பதை அவன் இன்னும் கவனிக்கவே இல்லை.