இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு தொழுகை: படுக்கையிலிருந்து நாற்காலி வரை

நோயாளியின் தொழுகை பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் சொல்வது புகாரியில் உள்ள இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களின் ஹதீஸைத்தான். மூல நோயால் அவதிப்பட்ட அவர்களிடம், நின்று தொழும்படியும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். சட்டம் இவ்வளவுதான். ஆனால் அறுவை முடிந்த ஒரு பெரியவரைக் கட்டிலில் வைத்துக்கொண்டு இதைச் செயல்படுத்தும்போது கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கள் குடும்பத்தில் எழுபதைக் கடந்த பெரியத்தா கீழே விழுந்து, இடது இடுப்பு மூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. படுத்துத் தொழத் தொடங்கி, நின்று தொழும் நிலைக்கு அவர்கள் வந்த வழியை வைத்தே இதைச் சொல்கிறேன். எங்கள் வீடு ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபீ சட்டம் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மருத்துவர் போடும் தடைகள். மூட்டைப் பின்புறம் வழியாகத் திறந்து மாற்றியிருந்தால், சில வாரங்களுக்கு மூன்று அசைவுகள் கூடாது என்பார்கள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது. மீறினால் புது மூட்டு குழியிலிருந்து நழுவிவிடலாம். தரையில் சுஜூது, சம்மணம், அத்தஹிய்யாத்து இருப்பு எல்லாமே இந்தத் தடைக்குள் வந்துவிடும். “முடியாது” என்றால் உடம்பு அசையவே அசையாது என்று பொருளல்ல. அசைத்தால் நோய் கூடும், தலை சுற்றி விழுந்துவிடுவோம், தாங்க முடியாத வலி வரும் என்றாலும் ‘முடியாது’தான். நம்பகமான மருத்துவரின் சொல் இதற்குப் போதும். “அல்லாஹ்வுக்காக வலியைப் பொறுத்துக்கொள்கிறேன்” என்று கீழே குனிந்து பார்க்கும் பெரியவர்களை இந்த விஷயத்தில் தடுத்தே ஆக வேண்டும்.

அறுவைக்குப் பிறகு எழுந்து உட்கார அனுமதி வரும்வரை படுத்துத்தான் தொழ வேண்டும். ஷாஃபிஈ முறையில் முதல் தேர்வு வலது விலாப்புறம், அடுத்தது இடது, இரண்டும் முடியாவிட்டால்தான் மல்லாந்து. ஹனஃபீயில் மல்லாந்து படுப்பதே சிறந்தது. பெரியத்தாவை ஒருக்களிக்கவே விடவில்லை என்பதால் மல்லாந்து என்று தானாக முடிவானது. மல்லாந்து தொழுபவரின் உள்ளங்கால் கிப்லாவை நோக்கி இருக்க வேண்டும். தலைக்குக் கீழே தலையணை வைத்து முகம் கூரையைப் பார்க்காமல் கிப்லாவைப் பார்க்கும்படி தூக்கிவிட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: மையித்தைக் கிடத்துவதுபோல் கட்டிலைக் கிப்லாவுக்குக் குறுக்கே போட்டுவிட்டு, ஆளை மல்லாத்திவிடுகிறார்கள். அப்போது கிப்லாவின் பக்கம் இருப்பது தோள்தான், முகம் அல்ல. கட்டிலின் கால்மாட்டைக் கிப்லாவுக்கு நேராகத் திருப்பிவிட்டால், பிறகு முதுகுப் பலகையை உயர்த்தி உட்கார்ந்து தொழும்போதும் அதே திசை பொருந்தும், மறுபடி கட்டிலை நகர்த்த வேண்டியதில்லை. கட்டிலைத் திருப்பவே வழியில்லை, உதவிக்கும் ஆளில்லை என்றால் நேரம் தவறுவதற்குள் இருக்கும் திசையிலேயே தொழ வேண்டும். ஷாஃபிஈ சட்டப்படி அதைப் பிறகு திருப்பித் தொழ வேண்டியிருக்கும்.

படுத்திருப்பவருக்கு ருகூவும் சுஜூதும் தலையின் சைகைதான். ருகூவுக்கு முகவாயை நெஞ்சை நோக்கிக் கொஞ்சம் இறக்குவது, சுஜூதுக்கு அதைவிடக் கூடுதலாக இறக்குவது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பது விதி. ஆகவே தலையால் முடிந்த முழு அளவையும் ருகூவிலேயே செலவழித்துவிடக் கூடாது. தலையணை மிக உயரமாக இருந்தால் முகவாய் ஏற்கெனவே நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருக்கும், இறக்க இடமே இருக்காது. மெல்லிய தலையணை ஒன்றை எடுத்துவிட்டபோதுதான் பெரியத்தாவுக்கு இரண்டு சைகையும் பிரிந்து வந்தன. தலையே அசையாதவர் ஷாஃபிஈ முறையில் கண்ணிமையால் சைகை செய்வார், அதுவும் இயலாதவர் ஒவ்வொரு நிலையையும் மனத்தில் ஓட்டுவார். சுயநினைவு இருக்கும்வரை தொழுகை விலகாது. ஹனஃபீ சட்டத்தில் தலையால் சைகை செய்ய முடியாதவருக்கு இமைச் சைகை செல்லாது, தொழுகை தள்ளிப்போகிறது.

படுத்துத் தொழும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பு நிலை மாறாததால் எத்தனையாவது ரக்அத் என்பது மறந்துபோகும். முதல் சுஜூது முடிந்ததா இரண்டாவதா என்பதே குழம்பும். இரண்டு சைகைகளையும் தொடர்ந்து இரண்டு தடவை தலையாட்டுவதுபோல் செய்வதால்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. முதல் சைகையில் ஒரு தஸ்பீஹ் அளவாவது நின்று, தலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, நடு இருப்பின் துஆவை ஓதி, பிறகு இரண்டாவதுக்குப் போனால் எண்ணிக்கை தங்கும். சந்தேகம் வந்துவிட்டால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மீதியை முடித்து, ஸலாமுக்கு முன் மறதிக்கான இரண்டு சுஜூதுகளையும் சைகையாலேயே செய்ய வேண்டும். ஓதுவது வெறும் நினைப்பாக இருக்கக் கூடாது. நாக்கும் உதடும் அசைந்து, தன் காதுக்குக் கேட்கும் அளவாவது வர வேண்டும்.

ஒளு விஷயத்தில் வீட்டார் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். இடுப்புக் கட்டு ஒளுவின் உறுப்பில் இல்லை, ஆகவே அது ஒளுவைத் தடுக்காது. கையில் ஊசிக் குழாயை நிறுத்தப் போட்டிருக்கும் பிளாஸ்திரிதான் தடுக்கும். ஷாஃபிஈ முறையில் சுற்றியுள்ள தோலைக் கழுவி, பிளாஸ்திரியின் மேல் ஈரக் கையால் தடவி, கூடவே தயம்மும் செய்ய வேண்டும். காலைக் கழுவ அவர்களே குனிந்தால் 90 பாகையைத் தாண்டிவிடும் என்பதால் இன்னொருவர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், அது கூடும்.

முதுகைச் சாய்த்தாவது உட்கார முடிந்துவிட்டால் படுத்துத் தொழும் சலுகை முடிந்தது. வாக்கரைப் பிடித்து நிற்க முடிந்துவிட்டால் உட்காரும் சலுகைக்கும் அதே கதை. ஷாஃபிஈ சட்டத்தில் தடியிலோ சுவரிலோ சாய்ந்து நிற்பதும் நிற்பதுதான். ஒரு நிலை முடியவில்லை என்பதற்காக முடிந்த இன்னொரு நிலையை விடக் கூடாது. சுஜூது செய்ய முடியாதவர்கள் ஃபாத்திஹாவையும் நாற்காலியில் உட்கார்ந்தே ஓதிவிடுவது இன்று மிகச் சாதாரணமாகிவிட்டது. ஷாஃபிஈக்காரருக்கு நிற்க முடிந்தால் இது செல்லாது. ஹனஃபீயில் தரையில் சுஜூது செய்ய முடியாதவருக்கு நிற்கும் கடமை விலகிவிடுகிறது, உட்கார்ந்து சைகையால் தொழலாம். பள்ளியில் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத் தன் சட்டத்தை முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

நாற்காலி கையுள்ளதாக, சக்கரமும் சுழற்சியும் இல்லாததாக, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும் அளவுக்கு உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்த சோபா இந்த நோயாளிக்கு ஆபத்து. வாக்கரின் கால் முஸல்லாவின் மேல் பட்டால் வழுக்கும், ஆகவே முஸல்லாவை எடுத்துவிட்டோம். சுத்தமான தரையே போதும்.

ஒரு ரக்அத் இப்படிப் போகும். நாற்காலியின் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தைத் தொடும்படி நின்று, முழுதாக நிமிர்ந்த பிறகு தக்பீர் கட்ட வேண்டும். எழும்போதே சொன்ன தக்பீர் சேராது. இரண்டு கையும் வாக்கரிலேயே இருக்கட்டும். கையை உயர்த்துவதும் கட்டுவதும் சுன்னத்து, அதற்காகப் பிடியை விட்டு விழக் கூடாது. ஃபாத்திஹாவுக்குப் பிறகு நின்றபடியே, மருத்துவர் அனுமதித்த அளவுக்கு முதுகைக் குனிந்து ருகூவு, பிறகு நிமிர்ந்து நிலை. அறுவை செய்த காலை முன்னே நீட்டி, கைகளை நாற்காலியின் கைக்கு மாற்றி, மெதுவாக உட்கார வேண்டும். இங்கே சுஜூதுதான் கவனிக்க வேண்டிய இடம். மற்ற நாற்காலித் தொழுகையாளர் இடுப்பிலிருந்து நன்றாகக் குனிய வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு ஏற்கெனவே ஏறக்குறைய 90 பாகையில் இருப்பதால், மூட்டு மாற்றியவர் முன்னால் சாய்ந்த உடனே எல்லையைத் தாண்டுவார். ஆகவே கழுத்தையும் மேல்முதுகையும் மட்டும் முடிந்தவரை தாழ்த்த வேண்டும். கை தொடைமேல் இருந்தால் போதும். தரையைத் தொடுவதுபோல் காற்றில் நீட்ட வேண்டியதில்லை. முன்னால் மேசை போட்டு நெற்றியை வைப்பதும், தலையணையை நெற்றிக்குத் தூக்கிக் கொடுப்பதும் வேண்டாம். தலை கீழே வருவதுதான் சைகை, பொருள் மேலே வருவது அல்ல.

நான்கு ரக்அத்துக்கு உட்கார்ந்து மறுபடி மூன்று முறை எழ வேண்டும். முதல் வாரத்தில் அது பெரியத்தாவால் முடியவில்லை. முதல் ரக்அத்தை நின்று தொழுதுவிட்டு மீதியை உட்கார்ந்தே முடித்தார்கள். முடிந்த மட்டும் நிற்பது என்பது இதுதான். தொழுகையின் நடுவே கால் நடுங்கினால் உட்கார்ந்து தொடரலாம், தெம்பு வந்தால் எழலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஃபாத்திஹாவின் நடுவே இது நடந்தால் ஒரு நுணுக்கம் உண்டு: உட்காரப் போகும்போது ஓதிக்கொண்டே இறங்க வேண்டும், எழும்போது ஓதலை நிறுத்தி நிமிர்ந்த பிறகே தொடர வேண்டும். சுன்னத்துத் தொழுகைகளை முழுக்க உட்கார்ந்தே தொழச் சொன்னோம். அவற்றில் நிற்பது கடமையே இல்லை. இருக்கும் தெம்பு ஃபர்ளுக்கு மிஞ்சும்.

பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஸஃப் பிரச்சினை வந்தது. நிற்பவர் குதிகாலாலும், உட்கார்ந்திருப்பவர் இருப்பிடத்தாலும் வரிசையில் சேர வேண்டும். நின்று தொடங்குபவரின் குதிகால் வரிசையில் இருந்தால் நாற்காலி பின்வரிசைக்காரரின் சுஜூது இடத்தில் போய் நிற்கும். நாற்காலியின் பின்கால்களை வரிசையில் வைத்தால், அவர் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்களைவிட ஓரடி முன்னால் தெரிவார். பெரியத்தா கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டார்கள், அங்கே பின்னால் யாரும் இல்லை.