உச்சத்துக்கு இந்தப் பக்கம் கால் பங்கு: கரும்பொருள் கதிர்வீச்சுக் கணக்கில் நான் விட்ட மார்க்

ஐந்தாம் செமஸ்டர் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் தேர்வில் கதிர்வீச்சுக் கணக்கு ஒன்றை முழுதாகப் போட்டேன். ஒரு படி கூட விடவில்லை. இருந்தும் பாதி மார்க்தான் வந்தது. 1227 டிகிரி செல்சியஸை அப்படியே T என்று போட்டுவிட்டேன். அந்தக் கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் எல்லாப் பொறிகளும் இருக்கின்றன.

உலையின் உட்சுவர் 1227 டிகிரியில் இருக்கிறது. அதன் சிறிய துளையைக் கரும்பொருளாகக் கொள்ளலாம். துளையை மூடிய கண்ணாடி 0.4 முதல் 2.4 மைக்ரோமீட்டர் வரை 90 சதவீதத்தைக் கடத்தும், மற்ற அலைநீளங்களில் எதையும் விடாது. வெளியே எவ்வளவு வருகிறது?

முதல் வரியிலேயே கெல்வின்: 1227 + 273 = 1500. மொத்த உமிழ்வு σT⁴, அதாவது 5.67 × 10⁻⁸ × 1500⁴. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 287 கிலோவாட். உச்ச அலைநீளம் 2898/1500 = 1.93 மைக்ரோமீட்டர். இங்கே 2898 மைக்ரோமீட்டர்-கெல்வின் என்பதைக் கவனியுங்கள். டேட்டா புக்கில் மீட்டரில் கொடுத்திருந்தால் 2.898 × 10⁻³ என்று இருக்கும், இரண்டையும் கலந்துவிடுவது எளிது.

அப்புறம், எந்த அலைநீளம் வரை மொத்த உமிழ்வில் எவ்வளவு பங்கு என்று தரும் கரும்பொருள் கதிர்வீச்சு டேபிள். என்னோடு படித்தவர்களில் பலர் 2.4 என்ற எண்ணையே டேபிளில் தேடினார்கள். டேபிளின் முதல் பத்தி λ இல்லை, λT. மேல் எல்லைக்கு 2.4 × 1500 = 3600, பங்கு 0.4036. கீழ் எல்லைக்கு 0.4 × 1500 = 600, அங்கே பங்கு கிட்டத்தட்டப் பூஜ்யம். டேபிள் தருவது பூஜ்யத்திலிருந்து அந்த அலைநீளம் வரைக்கும் சேர்ந்த பங்கு என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். இங்கே கழித்தாலும் அதே 0.4036தான், ஆனால் அந்தக் கழித்தலை எழுதிக் காட்டுங்கள். 287 × 0.4036 = 116 கிலோவாட். அதில் 90 சதவீதம், சுமார் 104 கிலோவாட் வெளியே வரும்.

விடை சரியா என்று டேபிளைத் திரும்பப் பார்க்காமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வெப்பநிலை எதுவானாலும், உச்ச அலைநீளத்துக்குக் கீழே இருப்பது மொத்தத்தில் கால் பங்குதான். காரணம், வளைவு சமச்சீரானது இல்லை: குட்டை அலைப் பக்கம் செங்குத்தாக விழுந்துவிடும், நெட்டை அலைப் பக்கம் வால் நீண்டுகொண்டே போகும். பாதிப் பங்கு சேர λT சுமார் 4107 ஆக வேண்டும். நம் உலைக்கு அது 2.74 மைக்ரோமீட்டர். ஆக 1.93-இல் 25 சதவீதம், 2.74-இல் 50 சதவீதம். 2.4 இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் விடையும் நடுவில் வர வேண்டும். 40 வந்திருக்கிறது, சரி.

ஆனால் இந்தச் சோதனை என் தவறைப் பிடித்திருக்காது. 1227 என்றே போட்டால் உச்சம் 2.36 ஆகிறது, பங்கு 0.26 வருகிறது, 2.4 உச்சத்துக்குச் சற்றே அப்பால் என்பதால் அதுவும் அழகாகப் பொருந்துகிறது. உமிழ்வோ 128 கிலோவாட்டாகச் சுருங்கிவிடும், பட்டைக்குள் வெறும் 33. மூன்று மடங்குக்கு மேல் பிழை, ஆனால் எங்கும் முரண்பாடே தெரியாது. அதனால்தான் கெல்வினை முதல் வரியில் எழுதி வட்டமிடும் பழக்கம் எனக்கு வந்தது.

இன்னொரு இடமும் வழுக்கும். கண்ணுக்குத் தெரியும் பகுதி, 0.7 மைக்ரோமீட்டர் வரை எவ்வளவு என்று கேட்டால் λT = 1050. டேபிளில் 1000-க்கு 0.000321, 1200-க்கு 0.002134. இரண்டுக்கும் நேர்கோட்டு இன்டர்போலேஷன் போட்டால் 0.00077 வரும். உண்மை மதிப்பு 0.00056. அந்த இடத்தில் வளைவு வேகமாக ஏறுவதால் நேர்கோடு அதற்கு மேலே போய்விடுகிறது. பங்கின் லாக் எடுத்து இன்டர்போலேட் செய்தால் 0.00052, ஓரளவு நெருங்கிவிடலாம். λT 2000-ஐத் தாண்டிவிட்டால் நேர்கோடே போதும். தேர்வில் பெரும்பாலும் நேர்கோட்டு முறையைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்த முறையானாலும், எடுத்துக்கொண்ட இரண்டு டேபிள் வரிகளையும் விடைத்தாளில் எழுதிவிடுங்கள். எண் எங்கிருந்து வந்தது என்று திருத்துபவருக்குத் தெரிய வேண்டும்.