கிழக்கே என்ன இருக்கு?

பழைய நில ஓலைகளைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, எழுத்து புரிவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓலை எழுத்து ஒன்றிரண்டு மாதத்தில் கைவந்துவிட்டது. எழுத்தெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் அரை நாள் உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான கஷ்டம்.

ஓலையில் புள்ளி கிடையாது. முற்றுப்புள்ளி, காற்புள்ளி மட்டுமில்லை, மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒ, ஓ அப்படியே. துணைக்காலும் ரகரமும்கூட ஒன்றுபோல இருக்கும். நாம் இன்று ‘அவன் மகன்’ என்று எழுதுவது ஓலையில் ‘அவனமகன’ என்று நிற்கும். ஓலையின் ஓரம் வந்தால் சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து வேறுபடுத்தும் வழக்கம் வீரமாமுனிவரிடமிருந்து வந்தது. நிறுத்தக்குறிகளோடு தமிழ் உரைநடையைப் பதிப்பிப்பதைப் பரவலாக்கியதில் ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு உண்டு. இவை எதுவும் கிராமத்தில் ஓலை எழுதியவரை உடனே எட்டிவிடவில்லை. எனக்கு வந்த கட்டு கொல்லம் 998ஆம் ஆண்டு என்று தேதியிட்டது. ஆங்கிலக் கணக்கில் 1822-23. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கிரய ஓலைகள், கடன் ஓலைகள், நாலைந்து கடிதங்கள்.

கிரய ஓலை பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆண்டு, மாதம், நாள், விற்பவர், வாங்குபவர், விலை, நிலத்தின் எல்லை, உரிமை, சாட்சி, கடைசியில் எழுதினவர் பெயர் என்று வரிசை ஏறக்குறைய மாறாது. எல்லை சொல்லும் இடத்தில்தான் நான் விழுந்தேன். ஓலையில் இருந்தது இது:

பெரியணணனபுஞசைககுமெறகுவாயககாலுககுவடககுதெருவுககுககிழககுகொவிலநிலததுககுததெறகு

இதை நான் இப்படிப் பிரித்துப் புள்ளி வைத்தேன்: “பெரியண்ணன் புஞ்சைக்கு, மேற்கு வாய்க்காலுக்கு வடக்கு, தெருவுக்குக் கிழக்கு, கோவில் நிலத்துக்குத் தெற்கு.” அதே கட்டில் இன்னொரு ஓலையில் ‘மேற்கு வாய்க்கால்’ என்று ஒரு வாய்க்கால் பெயராகவே வந்திருந்தது. அது மனதில் இருந்ததால் கண்ணும் அப்படியே சேர்த்துப் படித்துவிட்டது. புஞ்சைக்கும் வாய்க்காலுக்கும் இரண்டுக்குமே வடக்கு என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சரிபார்க்கிற ஐயா அதைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“கிழக்கே என்ன இருக்கு?”

எனக்குப் புரியவில்லை.

“நிலத்துக்கு நாலு பக்கம் வேணும்ல? தெருவுக்குக் கிழக்குன்னா நிலத்துக்கு மேற்கே தெரு. கோவில் நிலத்துக்குத் தெற்குன்னா வடக்கே கோவில் நிலம். வாய்க்கால் தெற்கே. கிழக்கே என்ன?”

எல்லை எழுதுகிற முறையே தலைகீழ். ‘புஞ்சைக்கு மேற்கு’ என்றால் விற்கிற நிலம் புஞ்சைக்கு மேற்கே இருக்கிறது, அதாவது புஞ்சை கிழக்கெல்லை. ‘மேற்கு’ என்ற சொல்லை வாய்க்காலிடம் கொடுத்ததால் புஞ்சை திசையில்லாமல் தொங்கியது, நிலத்துக்குக் கிழக்கெல்லையே போய்விட்டது. “பெரியண்ணன் புஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, தெருவுக்குக் கிழக்கு, கோவில் நிலத்துக்குத் தெற்கு” என்று வைத்தால் நாலும் அமைகிறது. அன்றிலிருந்து எல்லைப் பகுதிக்குக் காற்புள்ளி வைக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் கட்டம் போட்டு நாலு பக்கமும் நிரம்புகிறதா என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் காலியாக இருந்தால், அல்லது ஒரே பக்கத்தில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால், பிரித்தது தப்பாக இருக்கலாம் என்று நிறுத்திவிட்டு மறுபடி படிப்பேன். எப்போதும் தப்பாகத்தான் இருக்கும் என்றில்லை. மூலை வெட்டுப்பட்ட நிலத்துக்கு ஒரே பக்கத்தில் இரண்டு பேர் உண்மையாகவே வருவார்கள்.

நான் விடவில்லை. “எழுதினவர் ‘மேற்கு மேற்கு வாய்க்காலுக்கு’ என்று எழுத நினைத்து ஒரு மேற்கை விட்டிருக்கலாமே?” என்றேன். விட்டிருக்கலாம்தான். ஒரே சொல் அடுத்தடுத்து வரும்போது ஒன்றைத் தாண்டிவிடுவது எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வது. ஆனால் ஐயா சொன்னது நியாயம்: அது புள்ளி வைக்கிற வேலை இல்லை, பாடத்தைத் திருத்துகிற வேலை. அதற்கு இடம் அடிக்குறிப்பு. இருக்கிற எழுத்தை வைத்தே பொருள் கிடைக்கும்போது இல்லாத எழுத்தைத் தேடிப் போகக் கூடாது.

அப்புறம் அவர் இன்னொன்றைக் காட்டினார். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அந்த நிமிஷத்தில்தான். “வடக்குக்கும் தெருவுக்கும் நடுவுல ஏன் சேர்க்காம காற்புள்ளி வச்சே?” என்று கேட்டார். நான் அதைப் பற்றி யோசித்திருக்கவே இல்லை. அந்த ஊரில் வடக்குத் தெரு என்று ஒன்று இருந்திருக்கலாம், எந்த ஊரில்தான் இல்லை? ‘வாய்க்காலுக்கு வடக்குத் தெருவுக்குக் கிழக்கு’ என்று யாராவது படித்தால் என்ன பதில் சொல்வது? பதில் ஓலையிலேயே இருந்தது. வடக்குத் தெரு என்றால் நடுவில் ஒரு தகரம் மிகும். ‘வடககுததெரு’ என்று இருக்க வேண்டும். இருப்பது ‘வடககுதெரு’. ஆனால் அதே வரியில் ‘தெருவுககுககிழககு’ என்பதில் ககரம் மிகுந்திருக்கிறது. ‘நிலததுககுததெறகு’ என்பதில் தகரம் மிகுந்திருக்கிறது. ‘கிழககுகொவில’ என்பதில் மறுபடி மிகவில்லை. அதாவது எழுதினவர் சேர்த்துச் சொன்ன இடத்தில் ஒற்றைப் போட்டிருக்கிறார், நிறுத்தின இடத்தில் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைத்த அந்த ஒற்று, இங்கே காற்புள்ளியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சிலர் ஒற்றை நினைத்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். அதனால் முதலில் அந்தக் கையெழுத்தின் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘எழுதிக்கொடுத்த’, ‘பெற்றுக்கொண்டு’ மாதிரி, எப்படிப் பிரித்தாலும் சேர்ந்தே நிற்கிற சொற்களாக ஒரு இருபது இடம் எடுத்து, ஒற்று இருக்கிறதா என்று எண்ணுவேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தால் அந்த ஆள் நம்பகமானவர். ஒற்று இல்லாத இடம் எதையோ சொல்கிறது. பாதிக்குப் பாதி என்றால் ஒற்று சாட்சியாகாது. அதோடு, இந்த உபாயம் க, ச, த, ப நான்கிலும் தொடங்கும் சொற்களுக்குத்தான். ‘புஞ்சைக்கு மேற்கு வாய்க்கால்’ என்ற என் தப்பில் ஒற்றே வராது. மகரமும் வகரமும் வாயைத் திறக்கவில்லை. அங்கே நாலு திசைக் கணக்குதான் காப்பாற்றியது.

ஒற்றே சாட்சி என்று ஆன பிறகு அதைக் கெடுக்காமல் இருப்பது பெரும்பாடு. மூலப் பாடத்தை ஒரு கோப்பிலும், புள்ளி வைத்த வாசிப்பை இன்னொன்றிலும் வைக்கிறோம். வாசிப்பில் நான் சேர்க்க அனுமதி உள்ளவை இடைவெளி, நிறுத்தக்குறி, மெய்ப்புள்ளி, குறில் நெடில் வேறுபாடு. வேறு எதையும் தொடவில்லை என்று பார்க்க, சேர்த்ததை எல்லாம் கழற்றிவிட்டு மூலத்தோடு ஒப்பிடுகிறேன்:

```
sed 's/்//g; s/ே/ெ/g; s/ோ/ொ/g' vasippu.txt | tr -d ' ,.;"\n' > a.txt
tr -d ' \n' < moolam.txt > b.txt
cmp a.txt b.txt
```

(எ, ஏ போன்ற உயிரெழுத்துகளுக்கும் இப்படி வரி சேர்க்க வேண்டும், இங்கே சுருக்கியிருக்கிறேன்.) இரண்டும் ஒன்றாக இருந்தால் `cmp` எதுவும் சொல்லாது. முதல் தடவை ஓட்டியபோதே சத்தம் போட்டது. எந்த இடம் என்று போய்ப் பார்த்தால், வேறொரு ஓலையில், ‘வடக்கு தெருவுக்கு’ என்று இருந்ததை என் கை தானாகவே ‘வடக்குத் தெருவுக்கு’ என்று அடித்திருந்தது. பிழை திருத்துகிற பழக்கம். கவனிக்காமல் விட்டிருந்தால் நிறுத்தத்துக்கு இருந்த ஒரே தடயத்தை நானே அழித்திருப்பேன்.

கிரய ஓலைக்கு இப்படிக் கணக்கு உண்டு. கடிதத்துக்கு இல்லை. கடிதத்தில் ஆள் பேசுகிறார். போய், பார்த்து, கேட்டு, சொல்லி என்று எச்சமாகவே அடுக்கிக்கொண்டு போய், நாற்பது ஐம்பது சொல்லுக்கு அப்புறம் ஒரு வினைமுற்று வரும். ஆரம்பத்தில் அதை நறுக்கி நறுக்கி முற்றுப்புள்ளி வைக்க எனக்குக் கை பரபரத்தது. எச்சத்தில் முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். இப்போது செய்பவர் மாறுகிற இடத்தில் மட்டும் அரைப்புள்ளி, மற்றதற்குக் காற்புள்ளி, அதுவும் கஞ்சத்தனமாக. முற்றுப்புள்ளி வினைமுற்றுக்குத்தான்.

மேற்கோள் அதைவிட வேடிக்கை. ‘என்று’ என்ற சொல் இருப்பதால் பேச்சு எங்கே முடிகிறது என்று தமிழே சொல்லிவிடும். எங்கே தொடங்குகிறது என்று சொல்லாது. அந்தக் கட்டில் கடன் பற்றின ஒரு கடிதத்தில், புள்ளியெல்லாம் போட்டுப் பிரித்த பிறகு, இப்படி ஒரு வரி:

நான் கேட்டதற்கு முந்தின நாள் பணம் கொடுத்தேனென்றான்

நான் கேட்டதற்கு, “முந்தின நாள் பணம் கொடுத்தேன்” என்றானா? அப்படியானால் முந்தின நாள் என்பது பணம் கொடுத்த நாள். இல்லை, நான் கேட்டதற்கு முந்தின நாள், “பணம் கொடுத்தேன்” என்றானா? அப்படியானால் அது அவன் வாயால் சொன்ன நாள்; பணம் எப்போது போனது என்று கடிதத்தில் இல்லவே இல்லை. மகரத்தில் தொடங்குவதால் ஒற்று உதவாது. எண்ணிப் பார்க்க நாலு திசையும் கிடையாது. கடிதத்தின் மற்ற வரிகளை வைத்துத் தீர்க்கலாமென்றால், இரண்டு வாசிப்புக்கும் அவை ஒத்துப்போகின்றன. வட்டிக் கணக்குள்ள ஓலை ஏதாவது இருந்தால் தேதி தெரிந்திருக்கும். கட்டில் அது இல்லை.

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, அந்த வரியை ஒரு குறியும் போடாமல் அப்படியே விட்டு, இரண்டு வாசிப்பையும் அடிக்குறிப்பில் எழுதி அனுப்பினேன். வேலை முடியாத வரி என்று நினைத்து யாரோ சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஐயா அந்த வட்டத்தின் பக்கத்தில் பென்சிலால் ‘இருக்கட்டும்’ என்று எழுதிக் கொடுத்தார். கோப்பு அப்படியே போயிற்று.