மழை லீவும் மாற்றுத் தாளும்: மூன்று பள்ளிகள் சேர்ந்து கட்டிய வினா வங்கி

கோத்தகிரியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளி, கட்டபெட்டில் ஒரு பள்ளி, குன்னூரில் ஒரு பள்ளி என மூன்றும் சேர்ந்து அலகுத் தேர்வுகளுக்கு ஒரே தாள் வைத்துக்கொள்வது வழக்கம். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் இதில் ஒரு சிக்கல் வரும். விடியற்காலையில் குன்னூர் தாலுகாவுக்கு மட்டும் விடுமுறை என்று அறிவிப்பு வரும், நாங்கள் தேர்வை வைத்துவிடுவோம். மறுநாள் அதே தாளைக் குன்னூரில் கொடுக்க முடியாது, கேள்விகள் அதற்குள் வாட்ஸ்அப்பில் போயிருக்கும். அதே அளவு கடினத்தில் இன்னொரு தாள் ஒரே நாளில் வேண்டும். இந்தத் தேவைக்காகத்தான் வினா வங்கியைத் தொடங்கினோம்.

கேள்விகளைச் சேர்ப்பது எளிதாகவே முடிந்தது. எங்கள் மூவரிடமும் பழைய தாள்கள் நிறைய இருந்தன. பல தாள்கள் பழைய எழுத்துருக்களில் இருந்ததால் அவற்றை யூனிகோடில் திரும்பத் தட்ட வேண்டியிருந்தது, இல்லையென்றால் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒரு கேள்விக்கு எக்செல்லில் ஒரு வரி. `10-06-2-014` என்று ஓர் எண் கொடுத்தோம். பத்தாம் வகுப்பு, ஆறாவது அலகான முக்கோணவியல், இரண்டு மதிப்பெண், பதினான்காவது கேள்வி என்று பொருள். படம் உள்ள கேள்விகளை அதே எண்ணில் தனி வேர்டு கோப்பாக வைத்தோம். தலைப்பு டேக் போடுவதிலும் சண்டை இல்லை, பாடப்புத்தகத்தின் எட்டு அலகும் உட்தலைப்புகளும் அப்படியே பொருந்தின.

கடின அளவுக்கு வந்தபோது நின்றுவிட்டோம். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூவரும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் டேக் போட்டோம். முதல் அறுபது கேள்விகளில் மூவரும் ஒத்துப்போனவை இருபத்து நான்குதான். உட்கார்ந்து பேசியதில் காரணம் புரிந்தது. நான் எவ்வளவு நேரத்தில் போட முடியும் என்று பார்த்திருக்கிறேன், கட்டபெட்டு டீச்சர் தன் வகுப்பின் மெல்லக் கற்போரை நினைத்துப் போட்டிருக்கிறார், குன்னூர் சார் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணியிருக்கிறார். பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த முடிவும் தவறு என்று ஓர் இறக்கக்கோணக் கேள்வி காட்டிக்கொடுத்தது.

அந்த மழை வாரத்தில் கோத்தகிரியில் நாங்கள் வைத்த தாளில் இந்தக் கேள்வி இருந்தது: 60 மீ உயரமுள்ள குன்றின் உச்சியிலிருந்து, தரையில் நிற்கும் ஒரு வேன் 45° இறக்கக்கோணத்தில் தெரிகிறது. குன்றின் அடியிலிருந்து வேன் எவ்வளவு தூரத்தில் உள்ளது? என் வகுப்பில் 38 பேரில் 31 பேர் முழு மதிப்பெண். இரண்டு நாள் கழித்துக் குன்னூருக்கு மாற்றுத் தாள் போட்டபோது, வங்கியில் அதே தலைப்பு, அதே கடின டேக், அதே திறன் டேக் உள்ள கேள்வியை எடுத்தோம். வாசகம்கூட அதேதான், 45°க்குப் பதில் 30° மட்டும். அங்கே 41 பேரில் 13 பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள்.

குன்னூர் சார் வருத்தத்தோடு போன் செய்தார். "டீச்சர், என் பசங்க இவ்வளவு பின்தங்கிட்டாங்களா?" என்று கேட்டார். பள்ளிகளுக்கிடையே வித்தியாசம் இருக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அதை உறுதிசெய்ய அடுத்த ஸ்லிப் டெஸ்ட்டில் என் வகுப்புக்கும் 30° கேள்வியைக் கொடுத்தேன். 45°யில் 31 பேர் சரியாக எழுதிய அதே வகுப்பில் இப்போது 11 பேர்தான்.

விடைத்தாள்களைத் தரையில் பரப்பி, தவறான விடைகளை வகை பிரித்தேன். சரியான விடை 60√3, அதாவது சுமார் 104 மீ. பதினேழு பேர் ஒரே தவறான விடையை எழுதியிருந்தார்கள்: 20√3. படத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. இறக்கக்கோணம் என்பது பார்ப்பவரின் கண் மட்டத்தில் போகும் கிடைக்கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம். இவர்கள் குன்றின் செங்குத்துக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையில் 30° என்று குறித்திருந்தார்கள். அப்படி வரைந்தால் tan 30° = x/60 என்று ஆகும், x = 60/√3 = 20√3 வந்துவிடும். அதற்குப் பிறகு செய்த கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

இதே தவறான படத்தை 45°க்கு வரைந்தால் என்ன ஆகும்? tan 45° = 1. கோணத்தை எந்தப் பக்கம் குறித்தாலும் விடை 60தான். என் வகுப்பின் 31 பேரில் பலர் தவறான படம் வரைந்தே சரியான விடை எழுதியிருந்தார்கள், நானும் விடையை மட்டும் பார்த்து இரண்டு மதிப்பெண் போட்டிருந்தேன். அந்தப் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு பெண்ணிடம் ஏன் அங்கே கோணம் குறித்தாய் என்று கேட்டேன். "கீழேதானே மிஸ் பார்க்கிறோம், அதனால கீழே போற கோட்டிலிருந்து எடுத்தேன்" என்றாள். அவள் சொன்னதில் அவளுக்கான நியாயம் இருந்தது. கிடைக்கோட்டை நான் பலகையில் புள்ளிக்கோடாக மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

இந்த ஒரு கேள்வியால் வங்கியில் இரண்டு விஷயங்களை மாற்றினோம்.

முதலாவது, திறன் டேக். அதுவரை புளூபிரிண்ட்டில் வருகிற அறிவு, புரிதல், பயன்பாடு, திறன் என்ற நான்கையே போட்டுவந்தோம். இந்த இரண்டு கேள்விக்கும் 'பயன்பாடு' என்று இருந்தது, அதனால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. தவிர, புத்தகப் பயிற்சிக் கணக்கை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது அறிவு, முதன்முறை பார்க்கும் பிள்ளைக்கு அது பயன்பாடு. எனவே அந்த நான்கைத் தாள் கணக்குக்காக ஒரு பத்தியில் விட்டுவிட்டு, பக்கத்தில் 'எங்கே தடுக்கும்' என்று புதுப் பத்தி சேர்த்தோம். முக்கோணவியலில் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: வாசகத்திலிருந்து படம் வரைதல், சரியான விகிதத்தைத் தேர்தல், √3 உள்ள சுருக்கம். கேள்வியில் எந்தப் படி தவறினால் விடையும் தவறுமோ அந்தப் படிதான் டேக். இந்த விதிப்படி 30° கேள்விக்குப் 'படம்' என்று வரும், 45° கேள்விக்கு அந்த டேக் போட முடியாது. இன்னொரு பத்தியில் 'மூலம்' என்று எழுதினோம்: புத்தகக் கேள்வி, எண் மாற்றியது, புதியது.

இரண்டாவது, கடின அளவு. எங்கள் கணிப்பை ஒரு பத்தியில் அப்படியே வைத்துக்கொண்டு, தேர்வு முடிந்தபின் கிடைக்கும் விளைவைப் பக்கத்தில் எழுதினோம். கணக்கு எளிது: அந்தக் கேள்விக்கு வகுப்பு வாங்கிய சராசரியை முழு மதிப்பெண்ணால் வகுக்க வேண்டும். தேர்வுப் பக்கத்தில் 38 பேரின் இரண்டு மதிப்பெண் கேள்வி D பத்தியில் இருந்தால்:

```
=AVERAGE(D2:D39)/2
```

45° கேள்விக்கு 0.86 வந்தது, 30° கேள்விக்கு 0.34. எங்கள் வசதிக்காக 0.7க்கு மேல் எளிது, 0.4க்குக் கீழ் கடினம், இடையில் நடுத்தரம் என்று வைத்துக்கொண்டோம்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு மாதம் ஏமாந்தோம். AVERAGE காலிக் கட்டங்களை எண்ணிக்கையில் சேர்க்காது. கேள்வியைத் தொடாமல் விட்ட பிள்ளைகளுக்குக் கட்டபெட்டு டீச்சர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார், கடினமான கேள்விகளெல்லாம் எளிது என்று காட்டின. இப்போது விதி இது: தேர்வுக்கு வராதவருக்குக் காலி, வந்தும் எழுதாதவருக்கு 0.

விருப்பத் தேர்வு உள்ள பகுதிகளில் அந்த விதியும் போதாது. பொதுத்தேர்வு மாதிரியில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் பதினான்கில் பத்து எழுதினால் போதும். ஒரு கேள்வியை வகுப்பில் மூன்றே பேர் எடுத்து மூவரும் ஐந்து வாங்கினால் எழுதியவர்களை மட்டும் வைத்துப் பார்க்கும் விளைவு 1.0 ஆகிவிடும். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயந்து விட்டிருக்கலாம். அவர்களுக்கெல்லாம் 0 போட்டாலும் அநியாயம், வேறு பத்தை நன்றாக எழுதியிருப்பார்கள். அதனால் விருப்பம் உள்ள தாள்களிலிருந்து விளைவு எண்ணை நாங்கள் எடுப்பதே இல்லை. எத்தனை பேர் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் குறிக்கிறோம். விளைவு எண் வருவது விருப்பம் இல்லாத ஸ்லிப் டெஸ்ட்டுகளிலிருந்துதான்.

நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் வந்த எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. 0.5 என்று வந்தால் உண்மையில் அது 0.35 ஆகவோ 0.65 ஆகவோ இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டு பள்ளிகளாவது எழுதி, எண்பது பேரை நெருங்கும்வரை விளைவைப் பென்சில் குறிப்பாகவே, அதாவது சாம்பல் நிறத்தில் வைக்கிறோம். எப்போது வைத்த தேர்வு என்பதையும் எழுதுகிறோம். பாடம் நடத்திய மறுநாள் 0.8 வந்த கேள்வி, ரிவிஷனில் 0.5க்கு இறங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

போன பருவத்தில் மறுபடியும் குன்னூருக்கு மட்டும் விடுமுறை வந்தது. நடந்து முடிந்த தாளின் ஒவ்வொரு கேள்விக்கும் அலகு, மதிப்பெண், விளைவு, 'எங்கே தடுக்கும்' ஆகிய நான்கையும் வடிகட்டி, 'கடைசியாக வைத்த தேதி' பத்தியில் பழையதை முதலில் வரும்படி அடுக்கி, இணையான கேள்வியை எடுத்தோம். அப்புறம் தாளை முழுதாக ஒருமுறை படித்தோம், ஒரு கேள்வியின் வாசகம் இன்னொன்றின் விடையைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பார்க்க. ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்றில் கூம்பின் கனஅளவுச் சூத்திரமே விடைத் தெரிவுகளில் ஒன்றாக இருந்தது, கீழே அதை வைத்து ஒரு கணக்கு. அதை மாற்றினோம். இருபத்தைந்து மதிப்பெண் தாள் முக்கால் மணி நேரத்தில் தயாரானது. முன்பு ஒரு மாலை முழுக்கப் போகும்.

முக்கோணவியலில் 'படம்' டேக்கில் விளைவு எண்ணோடு இருபத்திரண்டு கேள்விகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஆறு, விடை கேட்காமல் படம் மட்டும் வரையச் சொல்லும் ஒரு மதிப்பெண் கேள்விகள். 45° கேள்வியை நாங்கள் நீக்கவில்லை, 'விகிதம்' என்ற டேக்குக்கு மாற்றி, 'இறக்கக்கோணத்தைச் சோதிக்க வேண்டாம்' என்று குறிப்பு எழுதியிருக்கிறோம். ஏழாவது அலகான அளவியலில் இன்னும் எண்பது பேர் எழுதிய கேள்வி ஒன்பதுதான். இந்த ஜனவரியில் மூன்று பள்ளிகளிலும் வாரம் இரண்டு ஸ்லிப் டெஸ்ட் அந்த அலகிலிருந்துதான்.