நற்பெயர் 10 லட்சமா, 3 லட்சமா? ஜவ்வரிசி ஆலையைக் கம்பெனிக்கு மாற்றிய அனுபவம்

சேலத்தில் நானும் சித்தப்பாவும் கூட்டாக நடத்திய ஜவ்வரிசி ஆலையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றிவிட்டோம். கம்பெனிப் பதிவு சிரமமில்லாமல் முடிந்தது. கணக்கில்தான் படாதபாடு பட்டோம்.

கூட்டாண்மையின் ஏட்டில் கட்டடமும் நிலமும் 40 லட்சம், இயந்திரம் 18, சரக்கு 14, வியாபாரிகளிடம் வரவேண்டியது 10, வங்கியிருப்பு 3. கிழங்கு தந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கவேண்டியது 15, வங்கிக் கடன் 20. எல்லாவற்றையும் கம்பெனியே ஏற்கும், அதற்குக் கம்பெனி கூட்டாண்மைக்குத் தரும் விலையான கொள்முதல் மறுபயன் 60 லட்சம் என்று ஒப்பந்தம் போட்டோம். அதிலேயே நிலம், கட்டடத்தை 52 என்றும், தேய்ந்த இயந்திரத்தை 14 என்றும், வராமல் போகக்கூடிய ஐயக்கடனுக்கு 1 ஒதுக்கு என்றும் தெளிவாக எழுதியிருந்தோம்.

ஆடிட்டர் அலுவலகக் கணக்கர் அதைப் படிக்கவே இல்லை. பழைய ஏட்டுத் தொகைகளை அப்படியே கம்பெனி ஏட்டில் ஏற்றி, நிகரச் சொத்து 50 போக மீதி 10 லட்சத்தை நற்பெயர் என்று எழுதிவிட்டார். இருபக்கமும் சமமாக இருந்ததால் தவறில்லை என்று சாதித்தார். நற்பெயர் கழித்தபின் மிஞ்சும் தொகையாக வருவதால் எந்தப் பிழையையும் அது விழுங்கிக்கொள்ளும். கூட்டல் சரியாக இருப்பது சான்றாகாது. ஒப்பந்த மதிப்பில் சொத்து 93, கடன் 35, ஒதுக்கு 1, நிகரம் 57. ஆகவே நற்பெயர் 3 லட்சம்தான். மறுபயன் 57க்குக் குறைவாக இருந்திருந்தால் அந்த வித்தியாசம் மூலதனக் காப்பாக வரவில் நின்றிருக்கும்.

விடாமல் வாதாடித் திருத்த வைத்தேன். தொடக்கப் பதிவுகள் மூன்று. வணிகக் கொள்முதல் கணக்குக்குப் பற்று, கூட்டாண்மைக்கு வரவு 60. அடுத்து, ஒவ்வொரு சொத்துக்கும் ஒப்பந்த மதிப்பில் பற்று, நற்பெயருக்கு 3 பற்று. கடனீந்தோர் 15, வங்கிக் கடன் 20, ஒதுக்கு 1, வணிகக் கொள்முதல் 60 வரவு. இருபக்கமும் 96. கடனாளிகளை 9 என்று குறைத்து எழுத விடாதீர்கள்; முழு 10 பற்றில் இருந்தால்தான் யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்பது ஏட்டில் தங்கும். கடைசியில் கூட்டாண்மைக்குப் பற்று, பங்கு முதலுக்கு வரவு 60.

சித்தப்பா முதலில் மறுபயன் 60 லட்சத்தில் 10 லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார். கணக்குப்படி அதில் தடையில்லை. ஆனால் அப்போது எங்களுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, இத்தகைய மாற்றத்துக்கான மூலதன ஆதாய விலக்கு வேண்டுமானால் கூட்டாளிகள் பங்குகளைத் தவிர வேறு எந்தப் பலனும் பெறக்கூடாது என்றிருந்தது. பங்குகளும் அவரவர் மூலதன விகிதத்திலேயே கிடைக்க வேண்டியிருந்தது. எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். மூலதனமும் இலாபப் பங்கும் 3:2 என்பதால், 10 ரூபாய்ப் பங்குகளில் எனக்கு 3,60,000, அவருக்கு 2,40,000 வந்தன.

வங்கிக் கடனைப் பதிவில் ஏற்றியதாலேயே அது கம்பெனிக்கு மாறிவிடாது. வங்கியின் எழுத்துச் சம்மதம் வரும்வரை கூட்டாளிகளின் பொறுப்பு நீடிக்கும். அந்தக் கடிதத்துக்காக வீணாக அலைந்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.