இடது கை

மண்டபம் ஊரில் புதிதாகப் பல் மருத்துவமனை திறந்த ஒரு டாக்டரம்மா, போர்டு, லோகோ, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே மாதிரி வேண்டும் என்று என்னிடம் வந்தார். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் முதல் தடவை. வாசல்லயே பயந்து நிக்கிறாங்க. அவங்களுக்காகச் செய்யுங்க" என்றார். ராமநாதபுரத்தில் பல வருடமாக போர்டு வடிவமைக்கிறேன். அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

முதலில் வழக்கம்போலவே செய்தேன். வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து, பளிச்சென்ற பல்வரிசையோடு சிரிக்கும் ஒரு முகம், கீழே "வலியில்லாப் பல் சிகிச்சை". மாதிரியை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்தேன். பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் அம்மா ஒருவர், கன்னம் வீங்கி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். போர்டைப் பார்த்தார், உள்ளே போகவில்லை. பேச்சுக் கொடுத்தேன். "அந்த மாதிரிப் பல்லு உள்ளவுக வர்ற எடம் போல, தம்பி. நம்ம வாயி வெத்தலை வாயி" என்றார்.

அன்றே அந்த முகத்தை எடுத்துவிட்டேன். ஃபிளெக்ஸும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். உப்புக்காற்றில் அதன் இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும், துரு வழிந்த போர்டு ஆஸ்பத்திரிக்கு நல்லதில்லை. மங்கலான மணல் நிறச் சுவரில் கரும்பச்சை எழுத்தைக் கையாலேயே எழுத வைத்தோம். வெயிலில் கண் கூசாமல் படிக்க முடிகிறது.

உண்மையான சிக்கல் "வலியில்லா" என்ற சொல்லில் இருந்தது. டாக்டரம்மாதான் விளக்கினார். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மையாகிவிடும், அங்கே மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. பயத்தினால் தள்ளிப்போட்டு, வீங்கிய பிறகு முதல் தடவையாக வருகிறவர்களுக்குத்தான் அது அதிகம் நடக்கும். அதாவது, யாருக்காக அந்த வரியை எழுதினேனோ அவர்களிடமே அது பொய்யாகிவிடும். ஒரு தடவை வலித்துவிட்டால் வேர் சிகிச்சையின் இரண்டாம் சிட்டிங்குக்கு ஆள் வரமாட்டார்.

சரி, எதைச் சொன்னால் எப்போதும் காப்பாற்ற முடியும்? "கையைத் தூக்கினா நிறுத்திருவேன்னு சொல்லலாம்" என்றார் அவர். பல் மருத்துவர்களுக்கு இது பழைய பழக்கம்தான். டாக்டர் பெரும்பாலும் நோயாளியின் வலப்பக்கம் உட்காருவதால், கருவியில் இடிக்காமலிருக்க இடது கை. திடீரென்று வீசாமல் மெதுவாக, நெஞ்சு உயரத்துக்கு. ஊசி ஈறுக்குள் இருக்கும்போது உதறினால் ஆபத்து என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதையே அடையாளமாக்கினோம். லோகோவில் பல் இல்லை, மெல்ல உயர்ந்த ஒரு இடது கை. கீழே: "கையைத் தூக்கினால் நிறுத்துவோம்." படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். ஊசிக்கு முன் சொல்ல வேண்டியதையும் எழுதி நாற்காலிக்குப் பின்னால் ஒட்டினோம்: "முதல்ல ஈறுல ஜெல் தடவுவேன். அப்புறம் ஊசி, சில விநாடி சுருக்குன்னு இருக்கும். மரத்துப் போச்சான்னு பார்த்துட்டுத்தான் ஆரம்பிப்பேன்." உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்: "இவ்வளவு நாளா ஏன் வரல?" அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனால் வந்தவர் காதில் அது திட்டாகத்தான் விழும்.

திறந்த மாதமே ஒரு சறுக்கல். நெரிசலான ஒரு மாலையில் மீனவர் ஒருவர் கையைத் தூக்க, டாக்டரம்மா "இதோ, முடிஞ்சிருச்சு" என்று தொடர்ந்துவிட்டார். அவர் இரண்டாம் சிட்டிங்குக்கு வரவில்லை. டாக்டரம்மா என்னை போனில் அழைத்து இதைச் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. நான் சுவரில் எழுதிய வரியை, நாற்காலியில் அவர் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்: வாயில் எதையும் வைப்பதற்கு முன், நோயாளியையே ஒரு தடவை கையைத் தூக்கச் சொல்லி, தான் கருவியைக் கீழே வைத்துக் காட்டுவது.

பாசி எடுக்கும் அந்த அம்மா பிறகு வந்தார். மருந்து சாப்பிட்டு வீக்கம் வடிந்ததும் பல்லை எடுக்க நாற்காலியில் சாய்ந்தார். ஒத்திகை முடிந்தும் வேலை தொடங்கும் முன்னே இன்னொரு முறை கையைத் தூக்கினார். டாக்டரம்மா கருவியைத் தட்டில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தார். மூன்றாவது முறை தூக்கவில்லை. பாறையில் கீறித் தழும்பேறிய அந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.