உப்பளத்து நோட்டும் ஆசிரியருக்கு எழுதிய மெயிலும்

பத்திரிகைக்கு வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் கட்டுரை யோசனையைச் சொல்லி ஆசிரியருக்கு அனுப்பும் பிட்ச் மெயில் எப்படி இருக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொதுவாகச் சொல்ல வருவதில்லை. அதனால் 2024 ஜூலையில் ஒரு தமிழ் மாத இதழுக்கு நான் அனுப்பிய மெயில் ஒன்றையே எடுத்து வைத்துக்கொண்டு, அது எப்படி உருவானது, அனுப்பிய பிறகு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இதழின் பெயர் வேண்டாம்.

நான் எழுத நினைத்தது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி. ஆனால் "உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் "எழுதலாம்" என்பார், அதோடு சரி. வெயில், காலில் புண், கண் கூசுவது, குறைந்த கூலி என்று இது எத்தனையோ முறை வந்துவிட்டது. எல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாம் சீசன் நேரத்துக் கதை. பிப்ரவரி வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் மழைத்தண்ணீர் கலந்து உப்பு விளையாது, அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அளத்தில் வேலை இருக்காது. அந்த மூன்று மாதம் அவர்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை நான் எங்கும் விரிவாகப் படித்ததில்லை. என் யோசனை இங்கேதான் ஆரம்பித்தது, ஆனாலும் அது இன்னும் கதை ஆகவில்லை. மூன்று மாதத்தை யார் வழியாகச் சொல்வது என்று தெரிந்தால்தான் கதை.

எனக்கு அது ஒரு நோட்டாகக் கிடைத்தது. அளத்தில் உப்புச் சுமக்கும் ஓர் அக்கா, வீட்டுச் செலவை மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையான பக்கங்கள் அப்படியே இருந்தன. அளத்துக்கு ஆள் கூட்டி வேலை வாங்கும் கங்காணியிடம் வாங்கிய முன்பணம், கடைப் பற்று, தீபாவளிச் சீட்டு எடுத்த பணம், எட்டயபுரம் பக்கம் மானாவாரிக் காட்டில் உளுந்துக்குக் களை எடுக்கப் போன கூலி, எல்லாம் தேதியோடு. மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் வரவாக ஒரு வரி, அதற்கு நேர் கீழே அதே தேதியில் கடைக்காரருக்குக் கொடுத்ததாக இன்னொரு வரி. டிசம்பர் 17-க்குப் பிறகு பக்கம் வெறுமையாக இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. மறுபடி எழுத ஆரம்பித்தபோது முதல் வரி: தார்ப்பாய்.

மெயில் எழுதுவதற்கு முன்பு அந்த அக்காவிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு முடித்துக்கொண்டேன். நோட்டைப் படம் எடுத்துப் போடலாமா? ஊர் பெயர், ஆள் பெயர் போடலாமா? வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? படம் எடுக்கலாம், பெயர் வேண்டாம், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார். இதைக் கேட்காமல் ஆசிரியருக்கு எழுதினால் என் கையில் இல்லாத பொருளை விற்கிறேன் என்று அர்த்தம். ஆசிரியர் சரி சொன்ன பிறகு அக்கா மறுத்துவிட்டால் இரண்டு பக்கமும் முகம் காட்ட முடியாது.

மெயில் இதுதான்:

பொருள்: கட்டுரை யோசனை – மழை மூன்று மாதம்: ஓர் உப்பளக் குடும்பத்தின் கணக்கு நோட்டு (அக்டோபர் இதழுக்கு)

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூத்துக்குடி உப்பளங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை. அந்த மூன்று மாதத்தை ஒரு குடும்பம் எப்படிக் கடந்தது என்பதை, அந்த வீட்டுப் பெண் 2023-இல் எழுதி வைத்த செலவுக் கணக்கை வரி வரியாகப் படித்துச் சொல்லும் கட்டுரை ஒன்றை உங்கள் அக்டோபர் இதழுக்கு எழுத விரும்புகிறேன்.

அரசு நிவாரணம் 5,000 ரூபாய் வந்த அன்றைக்கே மளிகைக் கடைப் பற்றுக்குப் போயிருக்கிறது. அக்டோபரில் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் டிசம்பருக்குள் மேலும் கூடியிருக்கிறது. அதை அடுத்த சீசன் கூலியில் கழிக்க வேண்டும் என்பதால், வேறு அளத்தில் கூடுதல் கூலி கிடைத்தாலும் அவரால் மாற முடியாது. மழைக்காலக் கடன்தான் வெயில்காலக் கூலியைத் தீர்மானிக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் மையம்.

நோட்டைப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கவும் மேற்கோள் காட்டவும் சம்மதம் வாங்கியிருக்கிறேன், பெயரும் ஊரும் வராது என்ற நிபந்தனையோடு. கடைக்காரரிடம் இன்னும் பேசவில்லை, பேசுவேன். 1,500 சொற்கள், நோட்டுப் பக்கங்களின் படங்கள் மூன்று. ஆகஸ்ட் 20-க்குள் தர முடியும்.

தூத்துக்குடியில்தான் வசிக்கிறேன், அதனால் பயணச் செலவு இல்லை. முன்பு எழுதிய இரண்டு கட்டுரைகளின் இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு இதை வேறு இதழுக்கு அனுப்ப மாட்டேன்.

நன்றி."

அவ்வளவுதான். நான் யார், எழுத்தின் மீது எனக்கு எவ்வளவு காதல், உங்கள் இதழை எத்தனை வருடமாகப் படிக்கிறேன் என்பதெல்லாம் இல்லை. இதழைப் படிக்கிறோம் என்பதை அளவிலும் மாதத்திலும் காட்டிவிடலாம். அந்த இதழில் இந்த மாதிரிக் கட்டுரைகள் மூன்று, நான்கு பக்கம் வரும், அதனால்தான் 1,500 சொற்கள். அக்டோபர் இதழ் செப்டம்பர் கடைசியில் கடைக்கு வந்துவிடும், பக்கங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகஸ்டில் கட்டுரை அவர்கள் கையில் இருக்க வேண்டுமானால் மெயில் ஜூலையில் போக வேண்டும். மழை வந்த பிறகு மழைக்காலக் கதையை மாத இதழுக்கு அனுப்பினால் பொங்கலுக்குத்தான் வரும், அப்போது அளத்தில் மறுபடி பாத்தி சீர்செய்ய ஆரம்பித்திருப்பார்கள்.

அந்த மெயிலில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இரண்டாவது பத்திதான், குறிப்பாக "மாற முடியாது" என்ற இடம். முதலில் அதில் நோட்டின் சுவையான வரிகள்தான் நிறைய இருந்தன. தார்ப்பாய்கூட இருந்தது. எடுத்துவிட்டேன். வரிகள் அழகாக இருக்கலாம், ஆனால் ஆசிரியர் அலுவலகக் கூட்டத்தில் இதை ஒரே வாக்கியத்தில் மற்றவர்களிடம் சொல்லியாக வேண்டும். அவர் சொல்லப்போகும் வாக்கியத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கு வேலை குறையும். "கடைக்காரரிடம் இன்னும் பேசவில்லை" என்பதையும் யோசித்துத்தான் வைத்தேன். செய்ததையும் செய்யப் போவதையும் பிரித்துச் சொன்னால், செய்ததாகச் சொல்வதை அவர்கள் நம்புவார்கள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதினேன்: "இந்த யோசனையைப் பார்க்க நேரம் கிடைத்ததா? அக்டோபருக்கு வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்." புது மெயிலாக அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. பழையது கீழே இருந்தால் அவர் தேட வேண்டியதில்லை. போன் பண்ணவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் போன் பண்ணினால்தான் நடக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, தெரிந்த ஆசிரியரிடம் அது சரி, தெரியாதவரிடம் அவர் "அனுப்புங்க பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பிக்கத்தான் அது உதவும்.

இரண்டு நாளில் பொறுப்பாசிரியரே கூப்பிட்டார்.

"வெள்ளத்தைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சே, இதுல புதுசா என்னங்க?" என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளம் இந்தக் கதையில் நான்கு நாள்தான், மற்ற நாட்கள் எல்லா வருஷமும் வருகிற நாட்கள் என்றேன். அதைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி நான் எதிர்பார்க்காதது. "முன்பணம் கொடுக்கிறவர் தரப்பு வேணும். அவரு இல்லாம போட முடியாது." நான் கடைக்காரரைத்தான் நினைத்திருந்தேன், கங்காணியை இல்லை. அந்த அக்காவின் கங்காணியிடமே போனால் பெயர் போடாவிட்டாலும் அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ வேறு அளத்துக் கங்காணிகள் இரண்டு பேரிடம் முன்பணம் எப்படிக் கொடுக்கிறார்கள், எப்படிக் கழிக்கிறார்கள் என்று பொதுவாகக் கேளுங்கள், நோட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள் என்றார். நல்ல ஆசிரியரிடம் போனால் கிடைப்பது இதுதான். அந்த இரண்டு பேரில் ஒருவர் சொன்ன விஷயம் கட்டுரையையே கொஞ்சம் திருப்பியது: முன்பணம் அவர் கைப்பணம் இல்லை, அளக்காரரிடமிருந்து அவர் வாங்குவது. சீசனில் ஆள் குறைந்தால் அவர் தலையில்தான் விழும். "நானும் கட்டுப்பட்டுத்தான் இருக்கேன் தம்பி" என்றார். அவரை வில்லனாக்கி எழுத முடியாமல் போனது, நல்லதுதான்.

அந்தப் போனிலேயே நான் கேட்க வேண்டியதையும் கேட்டேன். சன்மானம் எவ்வளவு, படங்களுக்குத் தனியா, எழுதி வாங்கிக்கொண்டு போடாமல் விட்டால் ஏதாவது தருவீர்களா? படங்களுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார், போடாவிட்டால் பாதி என்றார். பிறகு பேசியதையெல்லாம் சுருக்கி, "நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து நானே ஒரு மெயில் அனுப்பினேன். சொற்கள், தேதி, படங்கள், தொகை, பெயர் வராது என்ற நிபந்தனை, ஐந்தும் அதில். அவர் "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போட்டார். எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அந்த ஒரு வார்த்தைதான், பிறகு அது உதவியது. பக்கம் அமைப்பவர் நோட்டின் முதல் பக்கத்தை முழுசாகப் போட்டிருந்தார், அதன் மூலையில் மகளின் பெயரும் பள்ளியின் பெயரும் இருந்தன. நான் வெட்டித்தான் அனுப்பியிருந்தேன், சரிபார்க்க முன்பே அனுப்பிய முழுப்படத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். பக்கங்களை எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருந்ததால் கண்ணில் பட்டது. பழைய மெயிலை மேலே கொண்டுவந்து "ஐந்தாவது விஷயம்" என்று மட்டும் எழுதினேன். அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள்.

கட்டுரை அக்டோபர் இதழில் வந்தது, 1,500 சொற்களில் ஒரு முந்நூறு போயிருந்தது, பெரும்பாலும் உப்பு எப்படி விளைகிறது என்று நான் விளக்கிய பகுதி. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. பணம் டிசம்பரில் வந்தது. அதற்குள் அதே ஆசிரியருக்கு அடுத்த யோசனையை அனுப்பிவிட்டேன், மானாவாரிக் காட்டுக்குக் களை எடுக்கப் போகும் வண்டியைப் பற்றி. அதற்கு அவர் மறுநாளே பதில் போட்டார், வேண்டாம் என்று.